நிறுவனத்தின் கணினி, ஊழியரின் கடிதம்

அலுவலக மின்னஞ்சல், அலுவலக அரட்டைச் செயலி, நிறுவனம் கொடுத்த மடிக்கணினி ஆகிய மூன்றிலும் ஊழியர் செய்வதை நிறுவனத்தால் பார்க்க முடியும். இதற்கான மென்பொருள்கள் இன்று சிறு நிறுவனங்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. பார்க்க முடிகிறது என்பதால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா என்ற கேள்விக்குத்தான் பல நாடுகளின் சட்டங்களும் நீதிமன்றங்களும் கடந்த இருபது ஆண்டுகளாக விடை தேடிவருகின்றன. அந்த விடைகளில் மிகத் தெளிவானது ருமேனியாவில் தொடங்கிய ஒரு வழக்கில் பிறந்தது. அந்த வழக்கைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால், கண்காணிப்பு எந்த இடத்தில் நியாயமான மேற்பார்வையாக நிற்கிறது, எந்த இடத்தில் அத்துமீறலாகிறது என்பது விளங்கும்.

நிறுவனத்துக்கு எது தெரியும்

முதலில் தொழில்நுட்ப நிலை. அலுவலக மின்னஞ்சல் ஊழியரின் கணினியில் இருப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் நிறுவனத்தின் சர்வரிலோ, நிறுவனம் பணம் கட்டி வாங்கிய மேகச் சேவையிலோதான் இருக்கிறது. அதன் நிர்வாகி ஊழியரின் கடவுச்சொல் இல்லாமலே அஞ்சல்பெட்டியைத் தேடிப் பார்க்கலாம். ஊழியர் அழித்த கடிதத்தையும் குறிப்பிட்ட காலம்வரை மீட்கலாம். அலுவலக அரட்டைச் செயலிகளும் இப்படித்தான். இருவர் மட்டும் பேசிக்கொள்ளும் தனி அரட்டையின் பிரதியும் நிறுவனத்தின் கணக்கில் சேமிக்கப்படுகிறது. வழக்கு, விசாரணை என்று வந்தால் அதை எடுத்துப் படிக்க வழியிருக்கிறது.

இணையப் பயன்பாடு சற்று வேறுபட்டது. வங்கித் தளமோ தனிப்பட்ட மின்னஞ்சலோ மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் வருவதால், வழியில் இருப்பவருக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும், உள்ளடக்கம் தெரியாது. ஆனால் நிறுவனம் தன் சொந்தச் சான்றிதழை மடிக்கணினியில் பதித்து, இணையப் போக்குவரத்தைத் தன் பாதுகாப்புச் சர்வர் வழியாகத் திருப்பிவிட்டால், அந்த இடத்தில் பூட்டு திறக்கப்பட்டு, உள்ளே இருப்பது சோதிக்கப்பட்டு, மீண்டும் பூட்டப்படுகிறது. வைரஸையும் தரவுக் கசிவையும் பிடிக்கத்தான் பெரும்பாலும் இந்த ஏற்பாடு. வங்கி, மருத்துவத் தளங்களை இந்தச் சோதனையிலிருந்து விலக்கிவைக்கும் நிறுவனங்களும் உண்டு.

இவற்றையெல்லாம்விட ஊடுருவல் மிகுந்தவை மடிக்கணினியிலேயே நிறுவப்படும் கண்காணிப்பு மென்பொருள்கள். சில மென்பொருள்கள் எந்தக் கோப்பு பென்டிரைவுக்குப் போகிறது என்று மட்டும் கவனிக்கின்றன. சில, விசைப்பலகையும் சுட்டியும் எத்தனை நிமிடம் அசையாமல் இருந்தன என்று கணக்கெடுக்கின்றன. இன்னும் சில, சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம்பிடிக்கின்றன, அல்லது தட்டப்படும் ஒவ்வொரு எழுத்தையும் பதிகின்றன. வாட்ஸ்அப் போன்ற செயலியின் முழுநீள மறையாக்கம் செய்தியை வழியில்தான் காக்கும். அதே செய்தி அலுவலக மடிக்கணினியின் திரையில் திறந்திருக்கும்போது எடுக்கப்படும் படத்திலிருந்து அதைக் காக்க எந்த மறையாக்கத்தாலும் முடியாது.

ஆகவே கண்காணிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மிகவும் வேறுபட்ட செயல்கள் அடங்கியிருக்கின்றன. ஒருவர் எத்தனை மணிக்கு யாருக்கு அஞ்சல் அனுப்பினார் என்ற பதிவைப் பார்ப்பது ஒரு வகை. அந்த அஞ்சலில் என்ன எழுதினார் என்று படிப்பது வேறு வகை. சட்டம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கியதுதான் இந்தத் துறையின் முக்கியத் திருப்பம்.

புக்கரெஸ்ட் அலுவலகத்தில் நடந்தது

போக்டன் பர்புலெஸ்கு ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பொறியாளர். 2004 ஆகஸ்டில் வேலைக்குச் சேர்ந்தார். வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் சொல்வதற்காக யாஹூ மெசஞ்சரில் ஒரு கணக்குத் தொடங்கும்படி நிறுவனம் கேட்டுக்கொண்டது; அவரும் தொடங்கினார். அதே செயலியில் அவருக்குச் சொந்தக் கணக்கு ஒன்றும் ஏற்கெனவே இருந்தது.

நிறுவனத்தின் உள்விதிகள் கணினி, தொலைபேசி, நகலெடுக்கும் கருவி ஆகியவற்றைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கண்டிப்பாகத் தடை செய்திருந்தன. அந்த விதிகளின் பிரதியில் அவர் கையெழுத்திட்டிருந்தார். ஆனால் ஊழியர்களின் செய்திகளை நிறுவனம் பார்க்கும் என்று அந்த விதிகளில் ஒரு வரியும் இல்லை.

2007 ஜூலை தொடக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இணையத்தையும் தொலைபேசியையும் சொந்த வேலைக்குப் பயன்படுத்திய ஓர் ஊழியர் நீக்கப்பட்டதை அது சுட்டிக்காட்டியது. பணியாளர்களின் வேலையை மேற்பார்வையிடுவது நிறுவனத்தின் கடமை என்றும், தவறுகள் கவனிக்கப்பட்டுத் தண்டிக்கப்படும் என்றும் எச்சரித்தது. ஜூலை 3க்கும் 13க்கும் இடையில் ஏதோ ஒரு நாளில் பர்புலெஸ்கு அதில் கையெழுத்திட்டார். எந்த நாளில் என்பது பதிவாகவில்லை. நிறுவனமோ ஜூலை 5ஆம் தேதியே அவருடைய மெசஞ்சர் உரையாடல்களை நேரடியாகப் பதியத் தொடங்கிவிட்டது. 13ஆம் தேதிவரை அந்தப் பதிவு தொடர்ந்தது.

ஜூலை 13 மாலை நாலரை மணிக்கு அவர் அழைக்கப்பட்டார். மெசஞ்சரைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. சக ஊழியர்களைவிட அவருடைய இணையப் பயன்பாடு அதிகம் என்று காட்டும் வரைபடங்கள் முன்வைக்கப்பட்டன. செய்திகளின் உள்ளடக்கத்தையும் படித்திருக்கிறார்கள் என்று அப்போது அவருக்குச் சொல்லப்படவில்லை. வேலைக்காக மட்டுமே பயன்படுத்தினேன் என்று அவர் எழுதிக்கொடுத்தார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஐந்து இருபதுக்கு இரண்டாவது அழைப்பு வந்தது. இம்முறை அதனுடன் 45 பக்கங்கள் இணைக்கப்பட்டிருந்தன. அவர் தம்முடைய சகோதரருக்கும் தாம் மணக்கவிருந்த பெண்ணுக்கும் அனுப்பிய செய்திகளும் அவர்களிடமிருந்து வந்த செய்திகளும் வரிக்கு வரி அச்சாகியிருந்தன. சில செய்திகள் மிக அந்தரங்கமானவை. சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பிய ஐந்து குறுஞ்செய்திகளும் அவற்றுள் இருந்தன. கடிதங்களின் இரகசியத்தை மீறியதால் நிறுவனம்தான் குற்றம் செய்திருக்கிறது என்று அவர் பதில் எழுதினார். ஆகஸ்ட் 1ஆம் தேதி அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

இரண்டு தீர்ப்புகள்

ருமேனியாவின் இரண்டு நீதிமன்றங்களும் நிறுவனத்தின் பக்கமே நின்றன. சொந்தப் பயன்பாட்டுக்குத் தடை இருந்தது, அவர் அதை அறிந்திருந்தார், விதியை மீறினாரா என்று சரிபார்க்கச் செய்திகளைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது அவற்றின் வாதம். பர்புலெஸ்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். தனிவாழ்வும் கடிதப் போக்குவரத்தும் மதிக்கப்பட வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு சொல்கிறது. அந்த உரிமையைத் தம் நாட்டு நீதிமன்றங்கள் காக்கத் தவறின என்பது அவருடைய முறையீடு.

2016 ஜனவரி 12 அன்று அங்கும் தோற்றார். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் மீறல் எதுவும் இல்லை என்றனர். வேலைக்காக மட்டுமே பயன்படுத்தியதாக அவரே எழுதிக்கொடுத்ததால், அந்தக் கணக்கில் வேலைச் செய்திகள் மட்டுமே இருக்கும் என்று நம்பி நிறுவனம் திறந்தது என்ற வாதம் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. அலுவலகத்தில் எழுதப்படும் எந்தச் செய்தியையும் முதலாளி படிக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு அனுமதித்துவிட்டதாக அப்போது பல செய்திகள் வெளிவந்தன.

வழக்கு அதே நீதிமன்றத்தின் 17 நீதிபதிகள் அடங்கிய பேரமர்வுக்குப் போனது. 2017 செப்டம்பர் 5 அன்று 11 பேர் ஒருபுறமும் 6 பேர் மறுபுறமுமாகப் பிரிந்து, பர்புலெஸ்குவின் உரிமை காக்கப்படவில்லை என்று பேரமர்வு தீர்ப்பளித்தது. நிறுவனம் என்னதான் கட்டுப்பாடுகள் விதித்தாலும், பணியிடத்தில் ஒருவரின் தனிப்பட்ட சமூக வாழ்வை அடியோடு இல்லாமல் ஆக்கிவிட முடியாது என்பது அதன் மையக் கருத்து. கட்டுப்பாடு விதிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அந்தக் கட்டுப்பாட்டை ஊழியர் மீறினார் என்பதாலேயே அவருடைய கடிதங்களின் இரகசியம் மறைந்துவிடாது.

இந்தத் தீர்ப்பு எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கண்காணிப்பே கூடாது என்று அது சொல்லவில்லை. நிறுவனத்தை நேரடியாகக் குற்றவாளியாக்கவும் இல்லை. வழக்கு ருமேனிய அரசின் மீதானது. நிறுவனத்தின் நலனையும் ஊழியரின் உரிமையையும் ருமேனிய நீதிமன்றங்கள் ஒழுங்காக எடைபோடவில்லை என்பதுதான் முடிவு. பர்புலெஸ்குவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மீறல் நடந்தது என்ற அறிவிப்பே மனவேதனைக்குப் போதிய நிவாரணம் என்று நீதிமன்றம் கருதியது. வழக்குச் செலவாக 1,365 யூரோ மட்டும் கிடைத்தது.

பேரமர்வு கேட்கச் சொன்ன ஆறு கேள்விகள்

இனி இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்று பேரமர்வு வரிசைப்படுத்தியது. வழக்கறிஞர்கள் மட்டுமின்றி நிறுவனங்களின் மனிதவளத் துறைகளும் இன்று இந்த வரிசையை அளவுகோலாகக் கொள்கின்றன.

முதல் கேள்வி, ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்பது. கண்காணிப்பு தொடங்கும் முன்பே, அது என்ன வகையானது என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். புக்கரெஸ்ட் சுற்றறிக்கை இந்த இடத்தில்தான் தோற்றது. தவறுகள் கவனிக்கப்படும் என்று அது சொன்னதே தவிர, செய்திகள் பதியப்படும் என்றோ அவற்றின் வரிகள் படிக்கப்படும் என்றோ சொல்லவில்லை. பதிவு தொடங்கும் முன் அது அவர் கைக்கு வந்ததா என்பதும் நிறுவப்படவில்லை.

இரண்டாவது, எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்பது. போக்குவரத்தை மட்டும் பார்த்தார்களா, உள்ளடக்கத்தையும் படித்தார்களா? எல்லாச் செய்திகளுமா, சிலவா? எத்தனை நாட்கள்? முடிவுகளை எத்தனை பேர் பார்த்தார்கள்? மூன்றாவது, காரணம் என்ன என்பது. உள்ளடக்கத்தைப் படிப்பது அதிக ஊடுருவல் என்பதால் அதற்கு அதிக வலுவான காரணம் வேண்டும். கணினி அமைப்புக்குச் சேதம், சட்டவிரோதச் செயலுக்கு நிறுவனம் பொறுப்பாவது, தொழில் இரகசியம் வெளியேறுவது போன்ற ஆபத்துகளை ருமேனிய நீதிமன்றங்கள் குறிப்பிட்டிருந்தன. ஆனால் பர்புலெஸ்கு அத்தகைய ஆபத்து எதையும் உண்டாக்கியதாக யாரும் காட்டவில்லை.

நான்காவது கேள்வி, இதைவிடக் குறைந்த ஊடுருவலில் அதே நோக்கம் நிறைவேறியிருக்குமா என்பது. இந்த வழக்கில் இதுவே மிகக் கூர்மையானது. முதல் அழைப்பின்போதே நிறுவனத்தின் கையில் பயன்பாட்டு வரைபடங்கள் இருந்தன. எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், எந்தக் கணக்கோடு பேசினார் என்பதை வைத்தே விதிமீறலைக் கேட்டிருக்கலாம். மணக்கவிருந்த பெண்ணுக்கு அவர் எழுதிய வரிகளை அச்சடிக்க வேண்டிய தேவை என்ன என்று எந்த உள்ளூர் நீதிமன்றமும் கேட்கவில்லை.

ஐந்தாவது, கண்காணிப்பால் ஊழியருக்கு என்ன விளைவு நேர்ந்தது என்பது. இங்கே மிகக் கடுமையான ஒழுங்கு நடவடிக்கையான பணிநீக்கமே நேர்ந்தது. ஆறாவது, அத்துமீறலைத் தடுக்கும் காப்புகள் இருந்தனவா என்பது. குறிப்பாக, முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளடக்கத்தை நிறுவனம் திறக்க முடியாதபடி ஏற்பாடு இருந்திருக்க வேண்டும்.

ருமேனியா 2018இல் இயற்றிய 190ஆம் எண் சட்டம் இந்தப் பாடத்தின் பெரும்பகுதியை விதியாக்கியது. நிறுவனத்தின் நியாயமான நலன் ஊழியரின் உரிமையைவிட மேலோங்கியிருக்க வேண்டும், ஊழியருக்கு முன்கூட்டியே முழுமையாகத் தெரிவிக்க வேண்டும், தொழிற்சங்கத்தையோ ஊழியர் பிரதிநிதிகளையோ கலந்து பேச வேண்டும், மென்மையான வழிகள் முன்பு பலன் தராதிருக்க வேண்டும் என்று அது நிபந்தனை வைக்கிறது. பதிவான தரவைப் பொதுவாக 30 நாட்களுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

எல்லைக்கு இருபுறமும்

மற்ற வழக்குகளோடு ஒப்பிட்டால் இந்தக் கோடு இன்னும் தெளிவாகும். வேல்ஸில் ஒரு கல்லூரி ஊழியரின் தொலைபேசி, மின்னஞ்சல், இணையப் பயன்பாடு கண்காணிக்கப்பட்டது. உள்ளடக்கத்தைப் படிக்கவில்லை, தேதி, நேரம், எண், முகவரி ஆகியவற்றை மட்டுமே பார்த்தோம் என்று பிரிட்டிஷ் அரசு வாதிட்டது. 2007இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் அதையும் மீறல் என்றது. முன்னறிவிப்பும் இல்லை, அதை அனுமதிக்கும் சட்டமும் அப்போது இல்லை. உள்ளடக்கத்தைத் தொடாத கண்காணிப்புக்கும் அடிப்படை விதி வேண்டும் என்பது இதன் பாடம்.

பிரான்சின் அரசு ரயில்வே நிறுவன வழக்கில் முடிவு எதிர்த்திசையில் போனது. தனிப்பட்டவை என்று ஊழியர் தெளிவாகக் குறித்த கோப்புகளை அவர் முன்னிலையிலோ அவரை முறைப்படி அழைத்த பிறகோதான் திறக்கலாம் என்பது பிரெஞ்சு நீதிமன்றங்கள் வகுத்த பொது நெறி. ஓர் ஊழியர் அலுவலகக் கணினியின் வட்டு முழுவதற்கும் `D:/données personnelles` என்று பெயர் சூட்டி, அதற்குள் ஏராளமான ஆபாசக் கோப்புகளை வைத்திருந்தார். நிறுவனம் அவர் இல்லாதபோது அதைத் திறந்தது. அந்தரங்கக் கோப்புகளை எப்படிக் குறிக்க வேண்டும் என்று நிறுவனத்தின் பயன்பாட்டு விதியே சொல்லியிருந்தது, அவர் அப்படிக் குறிக்கவில்லை, அலுவலக வட்டு முழுவதையும் ஒரு பெயரால் தனதாக்கிக்கொள்ளவும் முடியாது என்று பிரெஞ்சு நீதிமன்றங்கள் கூறின. 2018இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றமும் அதில் மீறல் இல்லை என்றது. விதி தெளிவாக இருந்தால் அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

முன்னறிவிப்பு ஒன்றே போதாது என்பதற்கு ஜெர்மனி சான்று. அங்கே ஒரு நிறுவனம் இணையப் பயன்பாடு பதியப்படும் என்று ஊழியர்களுக்கு அறிவித்துவிட்டு, ஒரு வலைத்தள உருவாக்குநரின் கணினியில் தட்டெழுத்துகள் அனைத்தையும் பதிந்து திரையையும் இடையிடையே படம்பிடிக்கும் மென்பொருளை நிறுவியது. வேலை நேரத்தில் அவர் ஒரு விளையாட்டுச் செயலியை உருவாக்கியதும், தந்தையின் நிறுவனத்துக்கு வேலை செய்ததும் தெரியவந்தன. பணிநீக்கம் நடந்தது. 2017 ஜூலையில் ஜெர்மனியின் உச்சத் தொழிலாளர் நீதிமன்றம் அந்தப் பதிவுகளைச் சான்றாக ஏற்க மறுத்தது. குற்றம் அல்லது கடுமையான கடமை மீறல் நடந்தது என்ற சந்தேகத்துக்குத் திட்டவட்டமான அடிப்படை முன்பே இருந்திருந்தால் மட்டுமே அத்தகைய பதிவு நியாயமாகும் என்றது. இங்கே அப்படி எதுவும் இல்லாமல் ஊகத்தின் பேரில் வலை வீசப்பட்டிருந்தது.

வேலை நேரத்தை நிமிடக்கணக்கில் அளக்கும் மென்பொருள்களும் இந்தச் சோதனைக்கு உட்படுகின்றன. 2024 டிசம்பரில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வீட்டுமனை நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. அந்த நிறுவனத்தின் மென்பொருள் விசைப்பலகையும் சுட்டியும் மூன்று முதல் பதினைந்து நிமிடம் அசையாமல் இருந்தாலே அந்த நேரத்தைச் செயலின்மை என்று குறித்தது. காரணம் சொல்லப்படாவிட்டால் அது சம்பளப் பிடித்தத்துக்கும் வழிவைத்தது. திரைப் படங்களும் எடுக்கப்பட்டன. தொலைபேசியில் பேசுவதும் கூட்டத்தில் அமர்வதும்கூட வேலைதான், அப்போது கை சுட்டியில் இருக்காது என்று ஆணையம் சுட்டிக்காட்டியது. அந்த மென்பொருள் வேலை நேரத்தையே சரியாக அளக்கவில்லை. அளக்காத ஒன்றுக்காக இவ்வளவு ஊடுருவலை நியாயப்படுத்தவும் முடியவில்லை.

இந்தியாவில் எங்கே நிற்கிறது

பர்புலெஸ்கு தீர்ப்புக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன், 2017 ஆகஸ்ட் 24 அன்று, இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் ஆதரவு, நியாயமான நோக்கம், நோக்கத்துக்கு ஏற்ற அளவு ஆகிய மூன்றும் இருந்தால்தான் அந்த உரிமையில் தலையிடலாம் என்ற நெறியும் அதில் எழுந்தது. ஆனால் அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசையே கட்டுப்படுத்துகின்றன. தனியார் நிறுவனத்தின் ஊழியர் அதை நேரடியாக நிறுவனத்துக்கு எதிராக எடுத்துச் செல்வது எளிதன்று.

தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. பொதுவாக ஒருவரின் தரவைக் கையாள அவருடைய சம்மதம் வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். ஆனால் 7ஆம் பிரிவு சம்மதம் தேவைப்படாத சில பயன்பாடுகளை அனுமதிக்கிறது. வேலைவாய்ப்பு நோக்கங்களும், நிறுவனத்தை இழப்பிலிருந்தோ பொறுப்பிலிருந்தோ காக்கும் நோக்கங்களும் அவற்றுள் அடங்கும். நிறுவன உளவைத் தடுப்பது, தொழில் இரகசியங்களையும் அறிவுசார் சொத்தையும் காப்பது ஆகியவற்றை எடுத்துக்காட்டாகச் சட்டமே சொல்கிறது.

இங்கேதான் இந்திய ஊழியரின் நிலை ஐரோப்பிய ஊழியரின் நிலையிலிருந்து விலகுகிறது. சம்மதம் கேட்கும்போது தரவேண்டிய அறிவிப்பு, சம்மதம் தேவையில்லாத இந்த வகைக்குக் கட்டாயமில்லை. தன்னைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமையையும் சம்மதம் கொடுத்தவர்களுக்கே சட்டம் தருகிறது. போக்குவரத்தைப் பார்ப்பதற்கும் உள்ளடக்கத்தைப் படிப்பதற்கும் இடையே சட்டம் வேறுபாடு காட்டவும் இல்லை. நிறுவனத்தின் மீது உறுதியாக விழும் கடமை, திரட்டிய தரவைப் பாதுகாப்பாக வைப்பது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் அது கசிந்தால் 250 கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்கலாம். ஆயிரக்கணக்கான ஊழியர்களின் திரைப் படங்களைச் சேர்த்துவைக்கும் நிறுவனத்துக்கு இது சிறிய பொறுப்பன்று.

நோக்கம் வேலை சார்ந்ததாக இருக்க வேண்டும் என்ற வரையறை மட்டும் ஊழியருக்கு ஒரு பிடியைத் தருகிறது. தொழில் இரகசியம் கசிவதைத் தடுக்கக் கோப்புப் பரிமாற்றங்களைச் சோதிப்பதை அந்த வரையறைக்குள் எளிதாக அடக்கலாம். ஓர் ஊழியரின் குடும்ப உரையாடலை எடுத்து வைத்துக்கொள்வதை அடக்குவது கடினம். இந்தக் கோட்டை இந்திய நீதிமன்றங்கள் எங்கே போடப்போகின்றன என்பது இனி வரும் வழக்குகளில் தெரியும். இந்தியாவிலிருந்து வேலை செய்தாலும், ஐரோப்பிய நிறுவனத்தின் கிளையிலோ அதன் ஒப்பந்தப் பணியிலோ இருப்பவர்களுக்கு அந்த நிறுவனம் உலகம் முழுவதற்கும் வகுத்த கண்காணிப்புக் கொள்கையும் பொருந்தக்கூடும். எனவே அதைக் கேட்டு வாங்கிப் படிப்பது பயன் தரும்.

ஊழியர் எப்படி அறிவது, நிறுவனம் எப்படி எழுதுவது

ஒரு கணினி நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று அறியச் சில எளிய வழிகள் உண்டு. குரோம் உலாவியின் முகவரிப் பட்டையில் `chrome://management` என்று தட்டினால், உலாவி ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறதா என்று காட்டும். விண்டோஸ் அமைப்புகளில் `Access work or school` என்ற பகுதியும், ஐபோன் அமைப்புகளில் `VPN & Device Management` என்ற பகுதியும் அப்படியே. மறையாக்கப்பட்ட இணைப்பு இடையில் திறக்கப்படுகிறதா என்று பார்க்க, ஒரு தளத்தின் சான்றிதழைத் திறந்து `Issued by` என்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். பொதுச் சான்றளிப்பு நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக அலுவலகத்தின் பெயரோ அதன் பாதுகாப்புச் சேவையின் பெயரோ இருந்தால் இணைப்பு நடுவழியில் திறக்கப்படுகிறது. தட்டெழுத்தைப் பதியும் மென்பொருளையும் திரையைப் படம்பிடிக்கும் மென்பொருளையும் இந்தச் சோதனைகள் காட்டாமல் போகலாம். அதனால் இவற்றில் எதுவும் தெரியவில்லை என்பதை உறுதியான விடையாகக் கொள்ளக் கூடாது.

சொந்தக் கைபேசியில் அலுவலக அஞ்சலை அமைக்கும்போது இன்னொரு விஷயம் முக்கியம். ஆண்ட்ராய்டில் பணிக்கென்று தனிப் பகுதியை உருவாக்கும் முறை இருக்கிறது. அப்போது நிறுவனத்தின் நிர்வாகியின் கை அந்தப் பகுதிக்குள் மட்டும் எட்டும். சொந்தச் செய்திகளும் படங்களும் வெளியே இருக்கும். கைபேசி முழுவதையும் நிறுவனத்தின் நிர்வாகத்தில் ஒப்படைக்கும் முறையும் உண்டு. அதில் கைபேசியைத் தொலைவிலிருந்தே முழுவதுமாக அழிக்கும் அதிகாரமும் நிறுவனத்துக்குக் கிடைக்கலாம். எந்த முறை என்பதைச் சம்மதிக்கும் முன்பே கேட்டறிவது நல்லது.

நிறுவனத்தின் கொள்கை ஆவணத்தைப் படிப்பவர் பேரமர்வின் கேள்விகளையே கையில் வைத்துக்கொள்ளலாம். எவையெல்லாம் பதியப்படுகின்றன, உள்ளடக்கமும் அதில் சேருமா, எந்தக் காரணத்துக்காக, யார் அனுமதித்தால் திறக்கலாம், யாரெல்லாம் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பவற்றுக்கு அதில் விடை இருக்க வேண்டும். நிறுவனத்தின் சாதனங்கள் கண்காணிக்கப்படலாம் என்ற ஒற்றை வாக்கியம் இவற்றில் எதற்கும் விடையாகாது. புக்கரெஸ்ட் சுற்றறிக்கையும் ஏறக்குறைய அப்படிப்பட்ட வாக்கியம்தான். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் ஊழியர், தமக்கு எதிராகக் காட்டப்படும் பதிவு எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த அறிவிப்பின்கீழ் எடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். பர்புலெஸ்குவின் வழக்கில் பத்து ஆண்டுகளுக்குப் பின் முடிவைத் தீர்மானித்த விவரங்களுள் அந்த இரண்டும் இருந்தன.